974 ரூபாய் டிவிடெண்ட்... மறுநாளே 12 ரூபாய் பங்கு! ‘எக்ஸ் டேட்’ அன்று என்ன நடக்கிறது?

“டிவிடெண்ட் கிடைக்கும்னு முந்தின நாள் 100 பங்கு வாங்கினேன்டா. மறுநாள் காலையில மார்க்கெட் திறந்ததுமே பங்குக்கு இருபது ரூபாய்க்கு மேல இறங்கிடுச்சு. கம்பெனியில ஏதாவது பிரச்னையா?”

காட்டாங்குளத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி, மின்சார ரயிலில் பரனூருக்கு வேலைக்குப் போய் வரும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. மொபைல் ஆப் வழியாகப் பங்குச் சந்தைக்குள் வரும் இளைஞர்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. “நாளைக்கு டிவிடெண்ட், இன்னைக்கே வாங்கிடுங்க” என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி வரும். வாங்கினால் விலை இறங்கும். கம்பெனியில் எந்தப் பிரச்னையும் இல்லை. அன்று விலை இறங்குவதுதான் இயல்பு. ஆனால், இதைத் தெரியாமல் வாங்குபவருக்கு நஷ்டம் வரும். அதற்கு மேல் வரியும் வரும். எப்படி என்று விளக்கமாகப் பார்ப்போம்.

நான்கு தேதிகள், முக்கியமானது ஒன்று

பரனூர் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் வளாகம் வைத்திருக்கும் இன்ஃபோசிஸ் நிறுவனத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2024-25 நிதி ஆண்டுக்கான இறுதி டிவிடெண்டாக, ஒரு பங்குக்கு 22 ரூபாய் தரலாம் என்று அதன் இயக்குநர் குழு 2025 ஏப்ரல் 17-ம் தேதி பரிந்துரைத்தது. இது அறிவிப்பு தேதி. டிவிடெண்ட் யாருக்கு என்று பார்ப்பதற்கான ‘ரெக்கார்டு தேதி’ மே 30, வெள்ளிக்கிழமை. ‘எக்ஸ்-டிவிடெண்ட் தேதி’யும் அதே மே 30. பணம் கணக்குக்கு வரும் நாள் ஜூன் 30.

ரெக்கார்டு தேதி முடியும்போது யாருடைய டீமேட் கணக்கில் பங்கு இருக்கிறதோ, அவருக்குத்தான் டிவிடெண்ட். இந்தியாவில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் ‘டி பிளஸ் ஒன்’ முறை வந்துவிட்டது. அதாவது, இன்று வாங்கினால் அடுத்த வர்த்தக நாளில் பங்கு டீமேட்டுக்கு வரும். மே 29, வியாழக்கிழமை இன்ஃபோசிஸ் வாங்கியவருக்கு வெள்ளிக்கிழமை பங்கு வந்துவிடும். அவர் பெயர் பட்டியலில் இருக்கும். வெள்ளிக்கிழமை வாங்கியவருக்குத் திங்கட்கிழமைதான் பங்கு வரும். அவருக்கு 22 ரூபாய் கிடையாது. அது அவருக்கு விற்றவருக்குத்தான் போகும்.

அதனால் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது எக்ஸ் தேதியை. அதற்கு முந்தைய வர்த்தக நாள்தான் டிவிடெண்டோடு சேர்த்து வாங்குவதற்குக் கடைசி நாள். எக்ஸ் தேதி அன்று காலையிலேயே விற்றுவிட்டால்கூட, முந்தைய நாள் டெலிவரியாக வைத்திருந்தவருக்கு டிவிடெண்ட் வந்துவிடும். முந்தைய நாள் காலையில் வாங்கி மாலையிலேயே விற்ற இன்ட்ராடே டிரேடருக்கு எதுவும் வராது. பங்கு அவருடைய டீமேட்டுக்கு வரவே இல்லையே!

விலையைக் குறைப்பது யார்?

மாந்தோப்பை விற்கிறார் ஒருவர். மரம் முழுக்கக் காய் தொங்கும்போது விற்றால் ஒரு விலை. காயைப் பறித்து லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் விற்றால் வேறு விலை. மண்ணும் மரமும் அதேதான். ஆனால், இந்த வருடத்துக் காய் புதிதாக வாங்குபவருக்கு இல்லை. அதற்கான பணத்தை அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

எக்ஸ் தேதி அன்று நடப்பதும் இதுதான். சாதாரண டிவிடெண்டுக்கு யாரும் உட்கார்ந்து விலையைக் குறைத்து எழுதுவதில்லை. காலை 9 மணிக்கு ஆர்டர் போடுகிறவர்களுக்கு, இன்று வாங்கினால் அந்த 22 ரூபாய் நமக்கில்லை என்று தெரியும். அந்த அளவுக்குக் குறைத்தே கேட்பார்கள். விற்பவருக்கோ 22 ரூபாய் தனியாக வரப்போகிறது. அதனால் குறைத்துக் கொடுக்க அவரும் தயங்க மாட்டார். முந்தைய நாள் 1,500 ரூபாயில் முடிந்த பங்கு, வேறு செய்தி எதுவும் இல்லையென்றால் 1,478 ரூபாய்க்குப் பக்கத்தில் தொடங்கும்.

எல்லா நாளும் இந்தக் கணக்கு துல்லியமாக அமையாது. சந்தை ஒட்டுமொத்தமாக ஏறும் நாளில் இறக்கமே தெரியாமல் போகலாம். சந்தை சரியும் நாளில் 22 ரூபாய்க்குப் பதில் 40 ரூபாய் இறங்கலாம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் டிவிடெண்ட் என்றால் தினசரி ஏற்ற இறக்கத்திலேயே அது மறைந்துவிடும். அதனால்தான் பலருக்கும் இந்த இறக்கம் கண்ணில் படுவதில்லை. அது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்த ஒரு நாளும் நம் நாட்டில் உண்டு.

மெஜஸ்கோ: 985-லிருந்து 12

நவி மும்பையைச் சேர்ந்த மெஜஸ்கோ, இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்த கம்பெனி. 2020-ல் தன்னுடைய அமெரிக்கத் தொழிலை தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அந்தத் தொழில்தான் மெஜஸ்கோவின் பெரும்பகுதி. விற்று வந்த பணத்தைப் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிட முடிவு செய்து, அந்த டிசம்பரில் ஒரு பங்குக்கு 974 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் அறிவித்தது. பங்கின் முகமதிப்பு 5 ரூபாய்தான் என்பதால், “19,480 சதவீத டிவிடெண்ட்” என்று செய்திகள் பறந்தன. டிவிடெண்ட் சதவீதத்தை முகமதிப்பின் மீதுதான் கணக்கிடுவார்கள். நாம் வாங்கும் விலையின் மீது அல்ல. இது தெரியாதவருக்கு இந்த எண் தலைசுற்ற வைக்கும்.

ரெக்கார்டு தேதி டிசம்பர் 25. அப்போது பங்கு கைக்கு வர இரண்டு வர்த்தக நாள்கள் ஆகும். கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு. எனவே, எக்ஸ் தேதி டிசம்பர் 23, புதன்கிழமை என்று ஆனது. 22-ம் தேதி பங்கு சுமார் 985 ரூபாயில் இருந்தது. 23-ம் தேதி காலை சுமார் 12 ரூபாய்க்கு வர்த்தகமானது. ஒரே ராத்திரியில் 98 சதவீதத்துக்கும் மேல் இறக்கம்!

ஆனால், அதில் யாருடைய சொத்தும் அழியவில்லை. 985-லிருந்து 974-ஐக் கழித்தால் 11. பணத்தைக் கொடுத்த பிறகு மிச்சமிருந்த கம்பெனிக்குச் சந்தை கொடுத்த மதிப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்.

இனிதான் முக்கியமான கணக்கு. 22-ம் தேதி 985 ரூபாய் விலையில் 100 பங்கு வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் மாதச் சம்பளக்காரர். 30 சதவீத வருமான வரி வரம்பில் இருப்பவர். போட்ட பணம் 98,500 ரூபாய். மறுநாள் 12 ரூபாய்க்கு விற்றால் 1,200 ரூபாய் கிடைக்கும். டிவிடெண்ட் 97,400 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 98,600. “நூறு ரூபாய் லாபம்தானே!” என்று தோன்றும்.

ஆனால், 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் நம் கையில் வரிக்கு உட்பட்ட வருமானம். அதற்கு முன்பு டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனியே கட்டிவிட்டுத் தரும். இப்போது சம்பளத்தோடு சேர்த்து, நம் வரி வரம்பின்படி நாம் கட்ட வேண்டும். 30 சதவீதமும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்தால் 31.2 சதவீதம். 97,400 ரூபாய்க்கு வரி சுமார் 30,400 ரூபாய். கொரோனா சலுகையால் டி.டி.எஸ் பிடித்தம் அந்த நேரத்தில் 7.5 சதவீதமாக இருந்தது. அதனால் கைக்கு வந்தபோது 7,305 ரூபாய்தான் குறைந்திருக்கும். மிச்சம் 23,000 ரூபாய்க்கு மேல், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டி வந்திருக்கும்.

“985-க்கு வாங்கி 12-க்கு விற்றிருக்கிறேனே, 97,300 ரூபாய் நஷ்டம். அதை டிவிடெண்டில் கழித்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்கலாம். கூடாது. அது குறுகிய கால மூலதன நஷ்டம். மூலதன ஆதாயத்தோடு மட்டும்தான் அதைக் கழிக்க முடியும். டிவிடெண்டோ ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் வருகிறது. நம் கணக்கில் இரண்டும் ஒரே பங்கு, ஒரே பணம். வரிக் கணக்கில் இரண்டும் வேறு வேறு அறைகள். நடுவில் கதவு இல்லை. அந்த வருடம் வேறு பங்குகளில் ஆதாயம் இல்லாதவருக்கு நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமை உண்டு. அதுவும் ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால்தான். நூறு ரூபாய் லாபம் என்று நினைத்தவர் உண்மையில் 30,000 ரூபாய்க்கு மேல் இழந்திருப்பார்.

அதே கணக்கு, சாதாரண பங்கில்

மெஜஸ்கோ எப்போதோ ஒருமுறை நடப்பது. தினசரி நடப்பது இதன் சின்ன வடிவம். 1,500 ரூபாய் பங்கு ஒன்றில் 22 ரூபாய் டிவிடெண்ட் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் 100 பங்கு வாங்க 1,50,000 ரூபாய். எக்ஸ் தேதி அன்று 1,478-க்கு விற்றால் 1,47,800. நஷ்டம் 2,200. டிவிடெண்ட் 2,200. இதுவரை சரிக்குச் சரி.

டெலிவரியாக வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி உண்டு. இரண்டும் சேர்ந்து சுமார் 298 ரூபாய். முத்திரைக் கட்டணம், சந்தைக் கட்டணம், டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறும் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் மொத்தச் செலவு 340 ரூபாயைத் தொட்டுவிடும். புரோக்கரேஜ் இருந்தால் அது தனி. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு டிவிடெண்டின் மீது சுமார் 458 ரூபாய் வரி. ஆக, டிவிடெண்டுக்காக ஒரே ஒரு நாள் பங்கை வைத்திருந்ததற்கு ஏறக்குறைய 800 ரூபாய் கைக்காசு போகும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும்.

அதே ஆண்டில் வேறு பங்குகளில் குறுகிய கால ஆதாயம் பார்த்தவருக்கு நிலைமை கொஞ்சம் மாறும். 2024 ஜூலை 23 முதல் அந்த ஆதாயத்துக்கு வரி 20 சதவீதம். இந்த 2,200 ரூபாய் நஷ்டத்தை அதில் கழித்தால், செஸ்ஸோடு சேர்த்து 458 ரூபாய் வரி மிச்சமாகும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு வரி சமமாகிவிடும். கட்டணச் செலவு மட்டும் நஷ்டம். எனவே, ஒரே விஷயத்தில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான விடை வரும். நண்பர் செய்தார் என்று நாமும் செய்ய முடியாது.

விலை டிவிடெண்ட் அளவுக்கு அப்படியே இறங்காமல் கொஞ்சம் குறைவாக இறங்குவதும் உண்டு. அதற்கு வரி ஒரு காரணம். 1970-லேயே எட்வின் எல்டன், மார்ட்டின் குரூபர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நியூயார்க் சந்தையில் எக்ஸ் தேதி இறக்கம் சராசரியாக டிவிடெண்டைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டி, அதை வரியோடு தொடர்புபடுத்தினார்கள். வரி கட்டிய பிறகு கையில் நிற்பது 22 ரூபாய் இல்லை என்றால், அதற்காக 22 ரூபாயை விட்டுக்கொடுக்க எல்லோரும் தயாராக இருக்க மாட்டார்கள் அல்லவா? அந்த இடைவெளியைப் பிடித்துவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். இடைவெளி இரண்டு, மூன்று ரூபாய். 1,500 ரூபாய் பங்கு ஒரு சாதாரண நாளிலேயே 15, 20 ரூபாய் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் இந்த இரண்டு ரூபாய் நிற்காது.

டிரேடர்கள் தடுமாறும் இடங்கள்

முதலாவது, ஸ்டாப் லாஸ். 1,500-க்கு வாங்கி 1,480-ல் ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருக்கிறீர்கள். எக்ஸ் தேதி அன்று பங்கு 1,478-ல் திறக்கிறது. பங்கு பலவீனமாகவே இல்லை. ஆனாலும் உங்கள் பங்கு விற்றுப்போகும். ஸ்டாப் லாஸ் ஆர்டருக்கு டிவிடெண்ட் தெரியாது, விலை மட்டும்தான் தெரியும். நீங்கள் தாங்கத் தயாரான நஷ்டம் 20 ரூபாய் என்றால், எக்ஸ் தேதிக்கு முந்தைய இரவே 22-ஐக் கழித்து 1,458-க்கு மாற்றி வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஷார்ட் அடிப்பது. “நாளைக்கு எப்படியும் இறங்கும், காலையில் விற்று மாலையில் வாங்கிவிடலாம்” என்று நினைப்பவர்கள் உண்டு. இறக்கம் தொடக்க விலையிலேயே முடிந்துவிடுகிறது. 9.15-க்கு நீங்கள் விற்பது 1,500-க்கு அல்ல, 1,478-க்கு. அதன் பிறகு ஏறுவதும் இறங்குவதும் அன்றைய சந்தையின் போக்கு. ஃபியூச்சர்ஸில் விற்றாலும் இதே கதைதான். டிவிடெண்ட் எவ்வளவு என்பது முன்பே தெரியும் என்பதால், ஃபியூச்சர்ஸ் விலை அதைக் கழித்துக்கொண்டுதான் ஓடும். ஆப்ஷனில் இன்னொரு விதி இருக்கிறது. டிவிடெண்ட் பங்கு விலையில் 2 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டிரைக் விலையை மாற்ற மாட்டார்கள். அந்த அளவை எட்டினால் டிவிடெண்ட் தொகையை ஸ்டிரைக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். கால் ஆப்ஷன் வாங்கி வைத்திருப்பவர் எக்ஸ் தேதிக்கு முன்பு இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, காலம். விலை இறங்குவது இன்று; டிவிடெண்ட் வருவது பிறகு. இன்ஃபோசிஸ் உதாரணத்தில் எக்ஸ் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் நடுவே ஒரு மாதம். எம்.டி.எஃப் கடனில் வாங்கிக் காத்திருந்தால் அந்த நாள்களுக்கு வட்டி ஓடும். வட்டி எவ்வளவு என்று கணக்கிட்டால், பல நேரம் டிவிடெண்டில் ஒரு பங்கை அதுவே தின்றிருக்கும்.

நான்காவது, டி.டி.எஸ். 2025 ஏப்ரல் முதல், ஒரு கம்பெனியிலிருந்து ஒரு நிதி ஆண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால்தான் 10 சதவீதம் பிடிப்பார்கள். முன்பு இந்த வரம்பு 5,000 ரூபாய். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. ஐந்து கம்பெனிகளிலிருந்து தலா 8,000 ரூபாய் வந்தால் எங்கும் பிடித்தம் இருக்காது; ஆனால், 40,000 ரூபாயையும் ரிட்டர்னில் காட்டத்தான் வேண்டும்.

உண்மையான இறக்கமா, டிவிடெண்ட் இறக்கமா?

ஆப்பில் சிவப்பு நிறத்தில் தெரியும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் வரும். சாதாரண டிவிடெண்டுக்காக முந்தைய நாள் முடிவு விலையைச் சந்தை திருத்துவதில்லை. அதனால் ஆப் முழு இறக்கத்தையும் நஷ்டமாகவே காட்டும். நீங்களே ஒரு கழித்தல் போடுங்கள். முந்தைய நாள் முடிவு 1,500. டிவிடெண்ட் 22. கழித்தால் 1,478. அன்று உங்களுக்கு ‘பூஜ்ஜியம்’ இதுதான். பங்கு 1,485-ல் இருந்தால் ஆப் 15 ரூபாய் இறக்கம் என்று சொல்லும். உண்மையில் 7 ரூபாய் ஏற்றம். பங்கு 1,450-ல் இருந்தால் ஆப் காட்டும் 50 ரூபாயில் 28 ரூபாய்தான் உண்மையான இறக்கம். அந்த 28 ரூபாய்க்குத்தான் காரணம் தேட வேண்டும். அதே துறையைச் சேர்ந்த மற்ற பங்குகளும் அன்று இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

எக்ஸ் தேதிகளை என்.எஸ்.இ, பி.எஸ்.இ இணையதளங்களில் ‘கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் முன்கூட்டியே பார்க்கலாம். நீங்கள் வைத்திருக்கும் பங்குகளின் பெயரை வாரம் ஒருமுறை அதில் தேடுங்கள். எக்ஸ் தேதி வருகிறது என்றால் மூன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: டிவிடெண்ட், பங்கு விலையில் எத்தனை சதவீதம்? என் ஸ்டாப் லாஸ் அதற்கு ஏற்ப இருக்கிறதா? இந்த டிவிடெண்ட் என் வரி வரம்பில் கழிந்த பிறகு எவ்வளவு நிற்கும்? கம்பெனி பிடித்துப்போய் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வாங்குபவருக்கு எக்ஸ் தேதி ஒரு சாதாரண நாள். 22 ரூபாய்க்காக மட்டும் வாங்கத் தோன்றினால், ஒரு நாள் பொறுத்து எக்ஸ் தேதி அன்றே வாங்கலாம். பெரும்பாலும் அதே பங்கு டிவிடெண்ட் அளவுக்குக் குறைந்த விலையில், அந்த வரிச் சுமை இல்லாமல் கிடைக்கும்.